சுருதி சேரவில்லை என்று சொன்ன பிறகு

2008-இல் கொல்கத்தாவிலிருந்து வந்த ஒரு செய்தி, பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் அனுப்பிக்கொண்டிருந்த பல வீடுகளைக் கலங்கடித்தது. வங்கமொழித் தொலைக்காட்சி ஒன்றின் நடனப் போட்டியில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆடினாள். நடுவர்கள் அவளைக் கடிந்து பேசினார்கள். அதன் பிறகு அவள் பேச்சு குறைந்தது, கைகால் அசைவு குறைந்தது, கடைசியில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றார்கள். நடுவர்களின் சொல்தான் காரணம் என்று குடும்பத்தார் கருதினார்கள். நரம்பு சார்ந்த நோய் ஒன்று காரணமாக இருக்கலாம் என்ற மருத்துவக் கருத்தும் வந்தது. எது உண்மையோ, ஒரு கேள்வி அன்று முதல்முறையாக நாடு முழுக்கக் கேட்கப்பட்டது. பிள்ளையை மேடையில் நிறுத்தி, கேமரா முன்னால், ஒரு பெரியவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பதில் இரண்டு வழியாக வந்தது. தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் தொடர்கள், ரியாலிட்டி நிகழ்ச்சிகள், விளம்பரங்களில் குழந்தைகள் பங்கேற்பது பற்றி நெறிமுறைகளை வெளியிட்டது. பிறகு 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயது முடியாத எந்தக் குழந்தையையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று அந்தத் திருத்தம் சொன்னது. அதில் இரண்டே விலக்குகள். ஒன்று, பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் கைகொடுப்பது. மற்றொன்று, கலைஞராக நடிப்பது, பாடுவது, ஆடுவது. அந்த இரண்டாவது விலக்குக்கு என்ன நிபந்தனை என்பதை 2017-இல் வந்த விதிகளில் ‘2சி’ என்ற பிரிவு வரிவரியாகச் சொல்கிறது. பிள்ளையைப் போட்டிக்கு அனுப்பும் பெற்றோரில் பலர் அந்த ஒரு பக்கத்தைப் படித்ததே இல்லை. அதனால் அதை ஒரு பிள்ளையின் நாளோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

மதுரையிலிருந்து சென்னைக்குப் படப்பிடிப்புக்கு வரும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் மேடை ஏறுவதற்கு முன்பே, நிகழ்ச்சி நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். ‘படிவம் சி’ என்ற உறுதிமொழியோடு பிள்ளைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதம், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் ஆளின் பெயர் எல்லாம் அங்கே போக வேண்டும். அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர் என்பது கணக்கு. முப்பது பிள்ளைகள் வந்தால் ஆறு பேர் வேண்டும். நடன ஒத்திகையையும் சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்காவைக் காட்டி ‘இவங்கதான்’ என்றால் அது போதாது.

படப்பிடிப்பில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அவளை வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. தொடர்ந்து இருபத்தேழு நாட்களுக்கு மேல் வேலை இருக்கக் கூடாது. பள்ளிப் பாடம் விட்டுப்போகாதபடி ஏற்பாடு செய்து தர வேண்டும். அவளுக்குக் கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், அவள் பெயரிலேயே தேசியமயமான வங்கியில் வைப்புத்தொகையாக நேரடியாகப் போக வேண்டும். அவள் பதினெட்டு வயதில் எடுத்துக்கொள்வாள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும்போது, படப்பிடிப்பில் எந்தக் குழந்தையும் துன்புறுத்தப்படவில்லை என்ற அறிவிப்பும் திரையில் வர வேண்டும்.

இதில் நடைமுறையில் முதலில் இடிப்பது நேரக் கணக்குதான். ஒரே அரங்கை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளைப் பிடித்துவிடுவது இந்தத் துறையின் வழக்கம். பிள்ளை பாடுவது நாலு நிமிடம். அதற்கு மேக்கப், உடை, ஒலிச் சோதனை, ஒத்திகை, மற்றவர்கள் பாடும்போது கைதட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது, முடிவு அறிவிக்கும்வரை காத்திருப்பது என்று காலை ஏழு மணிக்கு வந்தவள் இரவு பத்து மணிக்கும் அரங்கில் இருப்பாள். காத்திருப்பது வேலையில்லை என்று தயாரிப்புக் குழு கணக்குச் சொல்லும். நான் அதை ஏற்க மாட்டேன். கேமரா எப்போது வேண்டுமானாலும் தன் பக்கம் திரும்பும் என்று தெரிந்து ஒரு பிள்ளை சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பது வேலைதான்.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லாமல் செய்திருக்கிறார்கள். 2015 முதல் நடைமுறையில் உள்ள அவர்கள் விதிகள், பிள்ளை எத்தனை மணி நேரம் நடிக்கலாம் என்பதைத் தனியாகவும், அந்த இடத்தில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கலாம் என்பதைத் தனியாகவும் கணக்கிடுகின்றன. ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஐந்து மணி நேரம் நடிக்கலாம். ஆனால் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகும்வரை ஒன்பதரை மணி நேரம்தான். காத்திருக்கும் நேரமும் எண்ணப்படுகிறது. நம் விதியில் அந்த இரண்டாவது எண் இல்லை.

மணிக்கும் பணத்துக்கும் கணக்கு வைத்துவிடலாம். நடுவரின் வாய்ச்சொல்லுக்கு எப்படிக் கணக்கு வைப்பது? கேலி, அவமதிப்பு, மனம் தளரச் செய்யும் கடுஞ்சொல், பிள்ளையின் மனநலத்தைக் கெடுக்கும் நடத்தை ஆகியவை கூடாது என்பது ஆணையத்தின் நெறிமுறைகளின் சாரம். நெறிமுறை என்பதால் அதற்குச் சட்டத்தின் பல் இல்லை. எது கடுஞ்சொல், எது கண்டிப்பு என்று அது பிரித்துக் காட்டுவதும் இல்லை. அந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள நாம் பாட்டுக்குள்ளேயே போக வேண்டும்.

அந்தச் சிறுமி பாடி முடித்தாள். சரணத்தில் மேலே போகும் இடத்தில் சுருதி கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. வீட்டில் பார்க்கும் நமக்கே தெரிகிறது. ஒரு நடுவர் இப்படிச் சொல்கிறார்: “உங்கிட்ட இதை நான் எதிர்பார்க்கல. போன வாரம் எப்படிப் பாடின, இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு? அப்பா உனக்காக வேலைய விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்கார், பாரு.” இன்னொரு நடுவர் இப்படிச் சொல்கிறார்: “கண்ணா, சரணத்துல மேல போற இடத்துக்கு முன்னாடி வரியிலேயே மூச்சு முடிஞ்சுடுச்சு உனக்கு. அதனாலதான் சுருதி எட்டல. அந்த வரியில ரெண்டாவது வார்த்தைக்கு அப்புறம் சின்னதா ஒரு மூச்சு எடுத்துட்டுப் போ. சரியா நிக்கும்.”

இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான், சுருதி சேரவில்லை என்பது. இரண்டாமவர் குறையை மறைக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. ஆனால் குறை பாட்டில் இருக்கிறது, ஓர் இடத்தில் இருக்கிறது, அதற்குக் காரணம் இருக்கிறது, நாளைக் காலையில் செய்து பார்க்க ஒரு வேலை இருக்கிறது. முதலாமவர் சொன்னதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. குறை பிள்ளையிடம் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் வேலையும் அவள் தலையில் ஏறிவிட்டது. மூச்சை எங்கே எடுப்பது என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

தேர்ந்த நடுவருக்கு ஒரு மருத்துவரைப் போலக் குறையின் இடத்தைக் கேட்டே பிரிக்கத் தெரியும். வரியின் கடைசியில் மட்டும் சுருதி இறங்கினால் மூச்சுப் பிரச்சினை. மேல் ஸ்தாயியில் மட்டும் எட்டாமல் போனால் பாட்டை அவள் குரலுக்குக் கட்டை கூட்டி வைத்துவிட்டார்கள். பாட்டு முழுக்கவே ஒரே அளவில் கீழே நின்றால், பெரும்பாலும் தன் குரலே தனக்குக் கேட்கவில்லை, வாத்தியக் குழுவின் சத்தம் அமுக்கிவிட்டது என்று பொருள். தாளத்தை முந்தி ஓடினால் அது பதற்றம். இந்த நான்கில் இரண்டு பிள்ளையின் தவறே இல்லை. கட்டையைத் தீர்மானித்தது பெரியவர்கள், ஒலியை வைத்தது பெரியவர்கள். அதற்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் நடுவர், அவளுக்கு அநியாயம் செய்கிறார்.

பையன்களுக்கு இன்னொரு கண்டம் உண்டு. பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் குரல் உடையத் தொடங்கும். குரல்நாண்கள் நீண்டு தடிக்கும் காலம் அது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஐந்து கட்டையில் மணி மாதிரி பாடிய பையன் அதே பாட்டை அதே கட்டையில் பாடும்போது நடுவில் குரல் பிளந்துகொள்ளும். அந்த நேரத்தில் “ரேஞ்ச் போயிடுச்சு, பயிற்சி பத்தல” என்று சொல்வது அவனை இரவு முழுக்கக் கத்திப் பயிற்சி செய்ய வைக்கும். விளைவு, தொண்டை கட்டுவது, நாட்பட்டால் குரல்நாணில் முடிச்சு. விவரம் தெரிந்த நடுவர் சுருதியை இறக்கச் சொல்வார், மேல் ஸ்தாயிப் பாட்டை ஒதுக்கச் சொல்வார், சில மாதம் பொறுக்கச் சொல்வார். போட்டியின் அட்டவணை பொறுக்காது என்பது வேறு விஷயம். அந்த அட்டவணைக்கும் பையனின் குரலுக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள் அந்த நடுவர்தான்.

திட்டுவது மட்டும்தான் அழுத்தம் என்று நினைத்தால் பாதிதான் புரிந்துகொண்டோம். தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சிகளில் இப்போது திட்டு குறைவு. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், மேடைக்கே போய்க் கட்டிக்கொள்கிறார்கள், “நீ கடவுளோட குழந்தைம்மா”, “இது போன ஜென்மத்துப் புண்ணியம்” என்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை அதை வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் மேடைக்கு வர வேண்டும்.

அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளாடியா முல்லர், கேரல் ட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பொருந்தும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்தார்கள். எல்லாரும் நன்றாகச் செய்தார்கள். சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அதன் பிறகு புத்திசாலி என்ற பட்டம் வாங்கிய பிள்ளைகள் சுலபமான வேலையையே தேடினார்கள். கடினமான புதிரில் சறுக்கியபின் திரும்ப எளிய புதிருக்கு வந்தபோது முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை வேறொரு பிள்ளைக்கு எழுதிச் சொல்லும்போது, அவர்களில் கணிசமானோர் அதைக் கூட்டி எழுதினார்கள். உழைப்பைப் பாராட்டப்பட்டவர்களிடம் இது மிகக் குறைவு.

பாட்டுக்கு மாற்றிச் சொன்னால், ‘பிறவி மேதை’ என்ற வார்த்தை பிள்ளைக்குக் கொடுக்கும் பரிசு போலத் தெரிந்தாலும் அது திருப்பிக் கேட்கப்படும் கடன். அடுத்த வாரம் சுருதி விலகினால் அவள் ஒரு தவறு செய்தவள் ஆக மாட்டாள், மேதையாக இல்லாமல் போனவள் ஆகிவிடுவாள். “அந்த மூணு சங்கதியையும் அவசரப்படாம, ஒண்ணொண்ணா எடுத்து வச்ச, அழகு” என்பது பாராட்டு. அதைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுபடி செய்ய முடியும்.

நடுவர்கள் எல்லாரும் தீயவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மேடையில் நடப்பது ஒன்று, நாம் பார்ப்பது ஒன்று. நடுவர் பத்து நிமிடம் பொறுமையாக நுணுக்கம் சொல்லியிருப்பார். மூச்சு எடுக்கும் இடம் பற்றிய பேச்சு சாதாரணப் பார்வையாளருக்குச் சலிக்கும் என்று எடிட்டிங்கில் அது போய்விடும். “எதிர்பார்க்கல” என்ற ஒரு வரி நிற்கும். அதற்குப் பின்னால் தாரை தப்பட்டை, அம்மா முகம், சக போட்டியாளர் முகம், திரும்ப அம்மா முகம். அந்த வரி வாரம் முழுக்க புரோமோவில் ஓடும். பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் பார்ப்பதும் அதைத்தான். ஆகவே அழுத்தம் தராத நிகழ்ச்சி வேண்டுமென்றால் நடுவருக்கு மட்டும் அறிவுரை சொல்லி ஆகாது. எடிட்டிங் அறைக்கும் விதி வேண்டும்.

இங்கேதான் பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வைத்திருக்கும் விதி எனக்குப் பிடிக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரு நிகழ்ச்சியில் பங்கேற்றால் அவர்களின் உடல்நலம், மனநலம், கண்ணியம் மூன்றிலும் உரிய அக்கறை காட்ட வேண்டும் என்கிறது. பெற்றோர் சம்மதம் கொடுத்திருந்தாலும் அந்தக் கடமை நீங்காது என்று கூடவே சொல்கிறது. அடுத்த விதி, பங்கேற்பதாலோ அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாவதாலோ பிள்ளைக்குத் தேவையற்ற துயரமோ பதற்றமோ வரக் கூடாது என்கிறது. ஒளிபரப்பாவதையும் சேர்த்துச் சொன்னதில்தான் எடிட்டிங்கும் புரோமோவும் விதிக்குள் வருகின்றன.

விதி இருந்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா? 2009 மே மாதம், அதே பிரிட்டனில், கோடிக்கணக்கானோர் பார்த்த ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ அரையிறுதி நேரலையில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டின் நடுவில் வரி மறந்து மேடையிலேயே அழுதாள். இன்னொரு முறை பாடவிடும்படி கெஞ்சினாள். நேரமில்லை என்றார்கள். அம்மா மேடைக்கு வந்து அணைத்துக்கொண்டார். பிறகு நேரம் ஒதுக்கி, நிகழ்ச்சியின் கடைசியில் அவளை மறுபடி பாட வைத்தார்கள். பாடி முடித்து இறுதிச் சுற்றுக்கும் போனாள். நடுவர்கள் அன்று அவளிடம் கனிவாகவே இருந்தார்கள். ஆனாலும் அந்த நாட்டில் பலரும் கேட்டது, பத்து வயதுப் பிள்ளையை நேரலையில், இரவு நேரத்தில், ஒரே வாய்ப்பு என்று ஏன் நிறுத்தினீர்கள் என்பதுதான். எவ்வளவு கனிவான நடுவராலும் போட்டியின் அமைப்பு தரும் அழுத்தத்தைத் துடைக்க முடியாது.

அமைப்பையே கொஞ்சம் மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பங்கேற்கும் ‘ஜூனியர் யூரோவிஷன்’ பாட்டுப் போட்டியில் 2005 முதல் 2015 வரை, வாக்கு எண்ணிக்கை தொடங்கும்போதே எல்லா நாட்டுக்கும் 12 புள்ளிகளைக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் 12 என்பதால் வரிசை மாறாது. ஆனால் எந்தப் பிள்ளையும் உலகத்தின் முன்னால் பூஜ்யம் வாங்கியதாகத் திரையில் வராது. செலவில்லாத ஏற்பாடு. நம் நிகழ்ச்சிகளில் வெளியேற்றம் அறிவிக்கும்போது இரண்டு பிள்ளைகளை அருகருகே நிறுத்தி, ஒரு நிமிடம் மௌனம் காத்து, விளம்பர இடைவேளை விட்டு, பிறகு பெயர் சொல்கிறார்களே, அதை மட்டும் விட்டாலே பெரிய பாரம் இறங்கும். முடிவைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தனியறையில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு மேடையில் அறிவிக்கலாம். அதிர்ச்சியைப் படமெடுக்க முடியாமல் போகும், அவ்வளவுதான்.

நம் விதியில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. 2சி பிரிவு பதினான்கு வயது முடியாதவர்களுக்குத்தான். பதினைந்து வயதுப் பெண்ணுக்கோ பதினாறு வயதுப் பையனுக்கோ இந்த ஐந்து மணி நேரக் கணக்கும் 20 சதவீத வைப்பும் பொருந்தாது. 2008-இல் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த அந்தக் கொல்கத்தாப் பெண்ணுக்கு வயது பதினாறு. அவளைப் போன்றவர்களை இந்த விதி இன்றும் காக்காது. சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு, தன் பொறுப்பில் உள்ள பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குத் தேவையற்ற மனத்துன்பமோ உடல்துன்பமோ தருவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அது கொடுமைக்கான சட்டம். ஒரு நடுவரின் கடுஞ்சொல்லுக்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

சரி, பிள்ளை போட்டிக்குத் தேர்வாகிவிட்டது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தயாரிப்புக் குழுவிடம் தயங்காமல் கேளுங்கள்: ஆட்சியர் அனுமதியின் நகல் எங்கே, என் பிள்ளைக்குப் பொறுப்பாளர் யார், எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குள் விடுவீர்கள், அழுதால் அந்தக் காட்சியை ஒளிபரப்ப வேண்டாம் என்று நாங்கள் சொல்ல முடியுமா? பிள்ளையிடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதைச் சட்டமே கேட்கச் சொல்கிறது. 2சி-யின் ஒரு நிபந்தனை, எந்தக் குழந்தையையும் அதன் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாகப் பங்கேற்க வைக்கக் கூடாது என்பது. அந்தக் கேள்வியை ஒருமுறை கேட்டு முடித்துவிட முடியாது. படப்பிடிப்பு நாள் காலையில் மட்டும் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னாலும், தொண்டை கட்டியிருப்பதை மறைத்தாலும், அந்த வாரம் மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த வாரமே நிறுத்திவிடுங்கள்.

பார்க்கும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை அழவைத்துப் பார்க்கும் காட்சி வந்தால் முகம் சுளித்துவிட்டு அடுத்த அலைவரிசைக்குப் போகாதீர்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 2021-இல் வந்த திருத்தத்தின்படி, தொலைக்காட்சிக்கு எழுத்தில் புகார் அனுப்பினால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், 15 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் சரியில்லை என்றால் அவர்களுடைய சுய ஒழுங்கு அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், நடுவர் சொன்ன வாக்கியம் ஆகிய நான்கையும் எழுதி அனுப்புங்கள்.